ஆடித் தள்ளுபடியும் கட்டில் விலையும்: சில கணக்குகள்

மரச்சாமான் கடைகளின் தள்ளுபடி பற்றி மூன்று வருடமாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். கடைக்குப் போகும்போதெல்லாம் விலைச்சீட்டைப் படம் பிடித்துக்கொள்வது, அடுத்த சீசனில் அதே கட்டில் என்ன விலைக்கு நிற்கிறது என்று பார்ப்பது, தெரிந்த ஆசாரியிடம் கூலி, மர விலை கேட்டுக்கொள்வது, அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. போன வருடம் அக்கா மகள் கல்யாணத்துக்குச் சீர்க் கட்டில் வாங்க வேண்டியிருந்தபோது அந்தக் குறிப்புகள் நிஜமாகவே கைகொடுத்தன. அக்கா சீட்டு எடுத்த பணத்தில்தான் சீர்சாமான் எல்லாமே. ஐயாயிரம் கூடினால் அந்த ஐயாயிரத்தை வேறு எங்கிருந்தோ குறைக்கவேண்டும் என்ற நிலை.

குறிப்புகளிலிருந்து எனக்குத் தெளிவானது இரண்டு விஷயம். ஒன்று, போர்டில் எழுதியிருக்கும் சதவீதம் நமக்கு எதையும் சொல்வதில்லை. இரண்டு, விலை பேசும் நாள் வேறு, சாமான் வீட்டுக்கு வரும் நாள் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

துணிக்கடை ஆடி வேறு, கட்டில் கடை ஆடி வேறு

ஆடித் தள்ளுபடி துணிக்கடையில் அர்த்தமுள்ள விஷயம். ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம். தீபாவளிக்குப் புதுச் சரக்கு இறங்கப்போகிறது. போன சீசன் டிசைன் அலமாரியில் கிடந்தால் அடுத்த வருடம் யாரும் தொடமாட்டார்கள். அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதற்குப் பேர் நிஜமான கழிவு.

தேக்குக் கட்டிலுக்கு இந்தக் கதை பொருந்தாது. முதலில், கட்டில் டிசைன் அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. அடுத்து, ஷோரூமில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மாதிரிதான். ஆர்டர் கொடுத்தபிறகுதான் பட்டறையில் நமக்கான கட்டிலைச் செய்கிறார்கள், அல்லது பட்டறையில் பாலிஷ் போடாமல் நிற்பதை எடுத்து முடிக்கிறார்கள். இன்னும் அறுக்கவே அறுக்காத மரத்துக்கு "ஸ்டாக் கிளியரன்ஸ்" என்று எப்படிச் சொல்லமுடியும்?

அதனால் நான் கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இதே பீஸைத் தருவீங்களா, ஆர்டர் போட்டு வருமா?" இதே பீஸ் என்றால் அங்கே நிஜமாகவே கழிவுக்கு இடம் இருக்கிறது. அது கடையின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, போட்ட காசு முடங்கிக் கிடக்கிறது, வருகிறவர்கள் உட்கார்ந்து பார்த்துக் கீறலும் விழுந்திருக்கும். ஆர்டர் பீஸ் என்றால் கழிவு என்ற பேச்சே இல்லை. அங்கே நாம் பேசுவது கடைக்காரரின் லாபத்தைப் பற்றியும், பட்டறைக்கு அப்போது வேலை இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியும்தான்.

விலைச்சீட்டு என்பது யார் எழுதியது?

பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது எம்ஆர்பி. பாக்கெட் செய்து வரும் பொருளுக்கு அது சட்டப்படி அச்சிடவேண்டிய அதிகபட்ச விலை, வரி உட்பட. ஷோரூமில் திறந்து நிற்கும் ஒரு தேக்குக் கட்டிலுக்கு அப்படி எதுவும் இல்லை. அதில் தொங்கும் சீட்டைக் கடையில் இருப்பவர்கள்தான் எழுதுகிறார்கள். ஆகவே 70,000 என்று எழுதி 40 சதவீதம் கழிப்பதும், 52,500 என்று எழுதி 20 சதவீதம் கழிப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் கையில் கொடுக்கப்போவது 42,000.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. நாங்கள் பார்த்த கட்டில் ஐந்துக்கு ஆறேகால் அடி, தேக்கு, தலைப்பக்கம் பலகை வைத்தது. ஆனி மாதம் நான் எடுத்த படத்தில் சீட்டு விலை 58,000, அன்றைக்கு 20 சதவீதம் தள்ளுபடி, அதாவது 46,400. ஆடி முதல் வாரம் போனபோது அதே கட்டிலின் சீட்டில் 70,000, தள்ளுபடி 40 சதவீதம், அதாவது 42,000, கூடவே "மெத்தை இலவசம்". தள்ளுபடி இரண்டு மடங்கு ஆனமாதிரி தெரிகிறது. நிஜத்தில் குறைந்தது 4,400 ரூபாய், பத்து சதவீதத்துக்கும் கீழே.

அந்த 4,400 பொய்யில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆடியில் விலை குறையத்தான் செய்தது. போர்டு சொன்ன அளவுக்குக் குறையவில்லை, அவ்வளவுதான். சீசனுக்கு ஒரு மாதம் முன்பே போய்ச் சீட்டைப் படம் எடுத்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் இது தெரியும்.

அடிவிலையை நாமே போட்டுப் பார்ப்பது

பேரத்தில் நம் பலவீனம், எவ்வளவு வரை கேட்கலாம் என்று தெரியாததுதான். பாதிக்குப் பாதி கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆயிரம் ரூபாய் குறைத்ததும் நாம் சந்தோஷப்பட்டுவிட்டால் அவர் சந்தோஷப்படுவார். மரக்கட்டில் விஷயத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கமுடியும்.

மரம் விற்பது கன அடிக் கணக்கில். ஒரு சட்டத்தின் நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. கட்டிலின் பக்கச்சட்டம் ஆறேகால் அடி நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். பெருக்கினால் 56.25, வகுத்தால் 0.39 கன அடி. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் இப்படியே கால், குறுக்குச்சட்டம், தலைப்பலகை எல்லாம் அளந்து கூட்டினேன். மூன்று கன அடி வந்தது. அறுப்பிலும் இழைப்பிலும் போகும் சேதாரத்துக்குக் கால்பங்கு சேர்த்தால் மூன்றேமுக்கால்.

எங்கள் பக்கத்து மரக்கடையில் அந்தத் தரத்துத் தேக்குக்கு அப்போது சொன்ன விலை கன அடி 3,200. ஆக மரம் 12,000. மெத்தை தாங்கும் ப்ளைவுட்டும் ஸ்க்ரூ, கொக்கி வகையறாவும் 3,500. ஆசாரியும் கையாளும் மூன்று நாள் வேலை என்று ஆசாரி சொன்னார், இருவருக்கும் சேர்த்து 6,000. பாலிஷ் 3,500. மொத்தம் 25,000.

பட்டறைக்காரர் லாபம் ஒரு பத்து சதவீதம் வைத்தால் கடைக்கு அது 27,500-க்கு வந்திருக்கும். இனி ஜிஎஸ்டி. மரச்சாமானுக்கு 18 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல் முழுக்க மூங்கில், பிரம்பில் செய்த சாமான்களுக்கு மட்டும் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. தேக்குக்கு அது இல்லை.) 42,000 வரி உட்பட என்றால், 1.18-ஆல் வகுத்துப் பார்க்க, கடைக்கு வருவது 35,600 சுமார். அதில் 27,500 போனால் மீதி 8,000. இதிலிருந்துதான் அவர் வாடகை, சம்பளம், இலவச மெத்தை, வண்டிக்கூலி எல்லாம் பார்க்கவேண்டும்.

கடையை நடத்துகிறவருக்கு ஒரு கட்டிலில் நாலாயிரமாவது நிற்கவேண்டாமா? அதை விட்டுவைத்தால் மெத்தை இல்லாமல் 37,000 பக்கத்தில் வந்து நிற்கிறது. இதுதான் நான் மனதில் வைத்துக்கொண்டு போன எண். இந்தக் கணக்கு ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே தப்பலாம். மரத்தின் தரம் மாறினாலே எல்லாம் மாறும். ஆனால் 42,000 சொல்லும் கடையில் 25,000-க்குக் கேட்பது வீண்பேச்சு, 41,000-க்குத் தலையாட்டுவது அவசரம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இந்த வித்தை திடமரத்துக்கு மட்டும்தான். குஷன் சோபாவில் உள்ளே என்ன மரம், என்ன ஃபோம் என்று தெரியாது. பார்ட்டிகிள் போர்டு அலமாரியைப் பட்டறைக் கணக்கில் போடமுடியாது. ஒரே விலைக் கடைகளில் பேரமே கிடையாது. அங்கெல்லாம் நான்கு கடை விலையை ஒப்பிடுவதுதான் வழி.

கடையில் நடந்தது

ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அன்றைக்குக் கூட்டம் இருக்கும், நாம் போனால் இன்னொருவர் வருவார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போனோம். போகும்போதே அக்காவிடம் ஒன்று சொல்லிவைத்தேன்: "கல்யாணத் தேதியை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதேக்கா." விற்பனைப் பையன் முதலில் கேட்பதே அதுதான், "எப்போம்மா கல்யாணம்?" ஆவணி ஐந்து என்று சொன்னால் தீர்ந்தது. நாம் வாங்காமல் போகமுடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். "வீட்டுக்குப் பார்க்கிறோம், அவசரமில்லை" என்றோம்.

பையனிடம் விலை பேசவில்லை. அவனுக்கு ஓர் எல்லை வரைதான் குறைக்க அதிகாரம். கொஞ்ச நேரத்தில் மேனேஜரே வந்தார். நான் எண் எதுவும் சொல்லாமல் கேட்டேன்: "வீட்டுக்கு வந்து இறங்கி, மாடி ஏத்தி, பூட்டி, ஜிஎஸ்டி பில்லோட, கடைசி விலை சொல்லுங்க." இந்தக் கேள்வியைப் பிரிக்காமல் ஒரே மூச்சில் கேட்பது முக்கியம். இல்லாவிட்டால் 40,000-க்கு முடித்தபிறகு "ஜிஎஸ்டி தனி சார்" என்பார்கள். அது 7,200. அப்புறம் வண்டிக்கூலி, மாடிக்கூலி.

மேனேஜர் 41,000 என்றார். நான் அடுத்ததாகக் கேட்டது: "மெத்தை வேண்டாம். எடுத்துட்டா எவ்வளவு குறைப்பீங்க?" மெத்தையின் சீட்டில் 14,000 என்று போட்டிருந்தது. அவர் கொஞ்சம் யோசித்து, "மூவாயிரம் குறைச்சுக்கலாம்" என்றார். இலவசத்தின் நிஜ மதிப்பு அப்படி வெளியே வந்தது. எந்த இலவசத்துக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். அவர் கழிக்கும் தொகைதான் அந்தப் பொருள்.

ஆக 38,000. "முப்பத்தேழு. இன்னைக்கே அட்வான்ஸ் தர்றோம், மீதி இறக்கும்போது. கார்டு இல்லை, யூபிஐ." கார்டு என்றால் கடைக்குக் கமிஷன் போகும், அதைச் சொல்லாமல் சொன்னதுதான். மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். வந்து, "இன்னொரு வழி இருக்கு சார். இந்த டிஸ்ப்ளே பீஸையே எடுத்துக்கங்க, 34,500-க்குத் தர்றேன். கால்பக்கம் கீறல் இருக்கு, பாலிஷ் தொட்டுக் குடுத்துடறேன்" என்றார்.

கணக்குப்படி அதுதான் நல்ல வியாபாரம். ஆடியில் நிஜமான கழிவு அந்த ஒரு கட்டிலில்தான் இருந்தது. ஆனால் அக்கா என் காதில், "சீர்க் கட்டில்டா. யார் யாரோ உட்கார்ந்ததையா அனுப்புவாங்க?" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சம்பந்தி வீட்டில் ஒரு சொல் கேட்கவேண்டும் என்றால் அது லாபமில்லை. சொந்த வீட்டுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்ப்ளே பீஸை எடுத்திருப்பேன்.

37,000-க்கு ஆர்டர் முடிந்தது. மெத்தையை வேறு இடத்தில் படுத்துப் பார்த்து வாங்கினோம்.

எப்போது பேசுவது, எப்போது எடுப்பது

கட்டில், பீரோ, சோபா வியாபாரம் நம் ஊரில் கல்யாணத்தையும் புதுமனை புகுவிழாவையும் நம்பி இருக்கிறது. இரண்டுமே நின்றுபோகும் மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஆடிக்குப் போர்டு உண்டு, மார்கழிக்கு அவ்வளவு பெரிய போர்டு கிடையாது. ஆனால் மார்கழி இரண்டாம் பாதியில் கடைக்காரர் இன்னும் இறங்கிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் வேலை குறைவு, தை பிறந்தால்தான் ஆர்டர். சும்மா இருக்கும் ஆசாரிக்கு வேலை கொடுக்கிற ஆர்டர் அப்போது அவருக்கும் வேண்டும்.

"மார்கழியில் புதுச்சாமான் வீட்டுக்குள் வரக்கூடாதே" என்பார்கள். வரவேண்டாம். மார்கழியில் விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, தையில் இறக்கச் சொல்லலாம். ஆடியில் பேசி ஆவணி முதல் வாரம் எடுக்கலாம். விலை பேசிய மாதத்து விலை, சாமான் நல்ல மாதத்தில் வரும்.

தீபாவளி இதற்கு நேர் எதிர். போனஸ் பணம் கைக்கு வந்திருக்கும், கடையில் நிற்க இடமிருக்காது. மேனேஜருக்கு நம்மிடம் பேச நேரமும் இல்லை, தேவையும் இல்லை. பட்டறையில் ஆர்டர் குவிந்து, சொன்ன தேதி தள்ளிப்போகும், அவசரத்தில் பாலிஷ் கெடும். அந்த சீசனில் லாபம் பேரத்தில் இல்லை, வங்கிக் கார்டு சலுகையில்தான். அதுவும் பிராண்டு சாமானுக்கு. "10 சதவீதம் தள்ளுபடி" என்பதன் கீழே சின்ன எழுத்தில் அதிகபட்சம் இவ்வளவு ரூபாய் என்று இருக்கும். அந்த ரூபாய்தான் உங்கள் தள்ளுபடி, சதவீதம் அல்ல.

"வட்டியில்லா இஎம்ஐ"யும் இதே சேர்த்தி. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று. கண்டுபிடிக்க ஒரே கேள்வி: "மொத்தமா இப்பவே கட்டினா எவ்வளவு?" தவணைக்கு 42,000, ரொக்கத்துக்கு 39,000 என்றால் அந்த 3,000-தான் வட்டி. கூடவே ப்ராசஸிங் கட்டணம் உண்டா, கார்டில் வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

விலை குறைந்தபின் எது குறைகிறது?

பேரம் பேசி இறக்கிய ஆர்டர் பீஸில் பெரிய ஆபத்து, குறைந்த காசை மரத்தில் சரிக்கட்டிவிடுவது. கன அடிக் கணக்கு போட்டவருக்கு இது எங்கே நடக்கும் என்று தெரியும். ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றேகால் ஆகும், குறுக்குச்சட்டம் வேறு மரமாகும், தேக்கின் வெளிறிய மேற்பகுதி உள்ளே வரும். அந்த வெளிறிய பகுதியில்தான் வண்டும் கரையானும் முதலில் கைவைக்கும். நடுமரத்தில் இருக்கும் எண்ணெய்ச் சத்து அதில் இல்லை. பாலிஷ் போட்டுவிட்டால் மேலிருந்து எல்லாம் ஒரே நிறம்.

அதனால் ஆர்டர் சீட்டில் எழுதி வாங்கினேன்: தேக்கு, எல்லாச் சட்டமும், ப்ளைவுட் தவிர, பக்கச்சட்டம் 6-க்கு ஒன்றரை அங்குலம், வெள்ளைப் பகுதி கூடாது, வரி உட்பட 37,000, இறக்கும் தேதி. "தேக்கு ஃபினிஷ்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது நிறத்தின் பெயர், மரத்தின் பெயர் அல்ல. அட்வான்ஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கவில்லை. மீதிப் பணம் நம் கையில் இருக்கும்வரைதான் கடைக்காரர் போன் எடுப்பார்.

கட்டில் வந்த அன்று, பூட்டுவதற்கு முன் சட்டங்களைத் திருப்பிப் போடச் சொன்னேன். அடிப்பக்கம் பாலிஷ் லேசாக இருக்கும், மரம் அங்கேதான் உண்மை பேசும். டேப் வைத்தபோது பக்கச்சட்டம் சரியாக இருந்தது. கால்பக்கக் குறுக்குச்சட்டம் ஒன்றில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது. சீட்டைக் காட்டினோம். வந்த ஆள் போனில் பேசிவிட்டு அந்தச் சட்டத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். நான்காம் நாள் மாற்றி வந்தது, அப்புறம்தான் மீதிப் பணம். கல்யாணத்துக்கு அப்போது ஆறு நாள் இருந்தது.

"பில் இல்லாமன்னா இன்னும் குறைச்சுக்கலாம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம். பில் இல்லை என்றால் அந்தக் கட்டிலை அந்தக் கடையில் வாங்கினோம் என்பதற்கே அத்தாட்சி இல்லை. ஆறு மாதம் கழித்து மாவு மாவாக உதிர்ந்தால் யாரிடம் போவது? பில்லும் அளவு எழுதிய ஆர்டர் சீட்டும் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

வருகிற ஆடிக்குக் கட்டில் வாங்க நினைப்பவர்கள் ஆனியிலேயே ஒருமுறை கடைப்பக்கம் போய்வாருங்கள். வாங்க வேண்டாம். ஒரு டேப்பும், சீட்டைப் படமெடுக்க ஒரு போனும் போதும்.